ஆஸ்பத்திரி மேசை

எனக்கு மறதி கிடையாது. இதை நல்ல குணம் என்று சொல்லிக்கொள்ளவில்லை. என் வீட்டாரிடம் யார் எந்தத் தொனியில் பேசினார்கள், அன்றைக்கு மழை பெய்ததா வெயில் அடித்ததா என்பது வரை மனத்தில் வைத்திருப்பவள் நான். ஈப்போவில் ஒரு கிளினிக் டாக்டர் என் அக்காவின் சீட்டில் ஒரு வரி எழுதினார். அந்த ஒரு வரிக்காக இரண்டு வருடம் அளந்து, எண்ணி, பிரித்து, கூட்டி ஓர் ஆய்வையே நடத்தி முடித்தேன். முதுகலைப் பட்டத்துக்காகச் செய்தது என்று சான்றிதழில் இருக்கும். அதை நம்ப வேண்டாம்.

அக்கா சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பதின்மூன்று வயதில் பால்மரம் வெட்டப் போனவள். அவள் விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நின்றதால்தான் நான் பள்ளிக்கூடத்தில் போய் உட்கார முடிந்தது. எழுபதுகள் முழுக்க அப்படியே ஓடின. நான் டாக்டராகி அரசாங்கச் சுகாதார இலாகாவில் சேர்ந்த சமயத்தில் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றுவிட்டார்கள். அக்கா ஈப்போவுக்கு வந்து புந்தோங்கில் வீடு எடுத்து, சட்டை தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தாள். காலர் வைத்துத் தைப்பது அவள் வேலை. மூன்றாம் வருடம் வலது தோள் பிடித்துக்கொண்டது. தலை சீவக் கை ஏறவில்லை. விரல்கள் மரத்துப்போயின.

தொழிற்சாலைக்கென்று நியமிக்கப்பட்ட பேனல் கிளினிக் ஒன்று டவுனில் இருந்தது. டாக்டர் நம்மவர்தான், தமிழர். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, மேசையில் பளிங்கு மீன். அக்காவின் தோளை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"முந்தி என்ன வேலைம்மா?" என்று கேட்டார்.

"பால்மரம் வெட்டுனேன் டாக்டர்."

"அதான். அந்த வலிதான் இது."

சீட்டில் ஆங்கிலத்தில் எழுதினார்: முன்னாள் ரப்பர் தோட்டத் தொழிலாளி, வலிக்குக் காரணம் பழைய வேலை, தையல் வேலைக்குத் தொடர்பில்லை. அவ்வளவுதான். அந்த வரி இருக்கும்வரை வேலையால் வந்த கோளாறு என்று அவள் எங்கும் இழப்பீடு கேட்டு விண்ணப்பிக்க முடியாது. தொழிற்சாலையில் அவளுக்கு 'லேசான வேலை' கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து அதுவும் சரிப்படவில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்போது கோலாலம்பூரில் பொதுச் சுகாதாரம் மேற்படிப்பில் இருந்த நான் விடுமுறைக்கு வந்தபோது, அக்கா அந்தச் சீட்டை வேதப் புத்தகத்துக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தாள். இங்கிலீஷ் படிக்கத் தெரியாததால் அதை நல்ல செய்தி என்று பத்திரப்படுத்தியிருந்தாள். தமிழில் படித்துக் காட்டினேன்.

அன்றைக்கே ஆய்வுத் தலைப்பை மாற்றினேன். கொசுவைப் பற்றி எழுதுவதாக இருந்தேன். கொசு பிழைத்தது.

என் பேராசிரியை ஒரு மலாய்ப் பெண்மணி. கண்ணாடிக்கு மேலே விழியை உயர்த்திப் பார்ப்பார். அவரிடம் எதையும் மறைக்கவில்லை. சீட்டையும் காட்டினேன். படித்து மடித்துத் திருப்பிக் கொடுத்தவர், "சரி, செய். ஆனால் ஒரு பெண்ணின் வலியைப் பற்றியும் நீ நேரில் கேட்கக் கூடாது, ஒரு பெண்ணின் தோளையும் நீ தொடக் கூடாது. நீ மெஷினை அள. நீ கோபமாக இருப்பது மெஷினுக்குத் தெரியாது" என்றார். கேள்வி கேட்பதற்கும் உடலைச் சோதிப்பதற்கும் இரண்டு தாதியரை வைத்துக்கொள்ளச் சொன்னார். யார் எந்த வேலையில் இருக்கிறார்கள் என்பது அந்தத் தாதியருக்குத் தெரியக் கூடாது. யாருக்கு எங்கே வலிக்கிறது என்பது அளக்கும் எனக்குத் தெரியக் கூடாது.

நான் எழுதிக்கொண்டு போன முதல் கேள்வித்தாளை இப்போது நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. 'தையல் மெஷினால் உங்களுக்குத் தோள் வலி உண்டா?' என்பது முதல் கேள்வி. பேராசிரியை அதைச் சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டு அடித்தார். பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கொடுத்தால் அதற்குப் பெயர் ஆய்வு இல்லை என்றார். அதற்கு மாற்றாக ஓர் உடல் படத்தைத் தந்தார். கழுத்து, தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு என்று பிரித்துப் போட்ட படம். கடந்த பன்னிரண்டு மாதத்தில் இங்கே தொந்தரவு இருந்ததா, கடந்த ஏழு நாளில் இருந்ததா, அதனால் வழக்கமான வேலை நின்றதா என்று மட்டும் கேட்க வேண்டும். வலி, கடுப்பு, உளைச்சல், மரத்துப்போதல், எல்லாமே தொந்தரவுக் கணக்குத்தான்.

"பால்மரம் எங்கே?" என்று கேட்டார் பிறகு.

வேண்டுமென்றேதான் விட்டிருந்தேன். வயது கேட்டிருந்தேன், எத்தனை பிள்ளை என்று கேட்டிருந்தேன், வீட்டில் தனியாகத் தையல் உண்டா, தண்ணீர் தூக்குவது யார் என்றெல்லாம் கேட்டிருந்தேன். பால்மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த மனிதருடைய வாதத்துக்கு என் தாளில் இடம் கொடுப்பதா என்ற வீம்பு.

"அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம்" என்றார் பேராசிரியை. "மரம் வெட்டினால் தோள் வலிக்கும். மரம் வெட்டியவர்களுக்கும் வெட்டாதவர்களுக்கும் மெஷினில் இருந்த காலம் வேறு வேறாக இருந்தால், எது எதனால் வந்தது என்று பிரிக்க முடியாது. குழப்பும் காரணி என்றால் அதுதான். அதை நீ கேட்காமல் விட்டால், உன்னை அடிக்க அவருக்கு நீயே தடி எடுத்துக் கொடுக்கிறாய்."

பல்லைக் கடித்துக்கொண்டு சேர்த்தேன். மரம் வெட்டியதுண்டா, எத்தனை வருடம், எப்போது விட்டது.

தொழிற்சாலைக்குள் போக அனுமதி வேண்டும். நிர்வாகி பேனல் டாக்டரிடம் யோசனை கேட்டிருக்கிறார். அவர், "வரட்டும், தோட்டத்து ஜனங்க உடம்பு எப்படின்னு அந்தம்மாவே தெரிஞ்சுக்குவாங்க" என்றாராம். இதை எனக்குச் சொன்னது நிர்வாகியேதான், சிரித்துக்கொண்டே. நானும் சிரித்து வைத்தேன். அந்தச் சிரிப்பையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

முதலில் ஒரு மாடியில் மட்டும் வெள்ளோட்டம் பார்த்தோம். மெஷினில் தைப்பவர்களை ஒரு பக்கம் வைத்தேன். ஒப்பிட்டுப் பார்க்க மெஷினே இல்லாத பிரிவு ஒன்று வேண்டும். மாடியின் கோடியில் நீளமான மேசை ஒன்று கிடந்தது. முடிந்த சட்டைகளில் தொங்கும் நூலைச் சின்னக் கத்தரியால் வெட்டும் பெண்கள் அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மெஷின் கிடையாது, பெடல் கிடையாது, சட்டைக் கட்டுகளை இழுத்துப் போடுவது கிடையாது. அதே தொழிற்சாலை, அதே வீட்டுச் சூழல், அதே வயது போலத்தான் தெரிந்தது. ஒப்பீட்டுக்கு இதைவிட நல்ல கூட்டம் கிடைக்காது என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

நான் ஸ்டாப்வாட்ச்சோடு மெஷின் வரிசையில் நின்றேன். ஒரு காலர் வைக்க எத்தனை விநாடி, ஒரு நிமிடத்தில் எத்தனை தடவை வலது தோள் உயர்கிறது, ஒரு கட்டு எவ்வளவு எடை, நாற்காலி எவ்வளவு உயரம், மெஷின் மேசை எவ்வளவு உயரம் என்று குறித்தேன். மெஷின் வரிசையையும் நூல் வெட்டும் மேசையையும் பக்கவாட்டில் நின்று படம் எடுத்து, படத்தின் மேல் கோணமானி வைத்துக் கழுத்து எவ்வளவு குனிகிறது என்று அளந்தேன். காலர், ஓரம் அடிக்கும் ஓவர்லாக், பொத்தான்துளை, ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனியாக. தாதியர் இருவரும் காண்டீனுக்குப் பக்கத்து அறையில் கேள்வி கேட்டார்கள்.

முடிவு வந்தது. தலைகீழாக வந்தது. நூல் வெட்டுபவர்களுக்குத்தான் தோளிலும் கழுத்திலும் தொந்தரவு அதிகம். மெஷினில் இருப்பவர்கள் தேவலை. மறுபடி எண்ணினேன். அதேதான்.

அனுமதி தந்தபோது போட்ட நிபந்தனைப்படி முடிவின் நகலைத் தொழிற்சாலைக்கு அனுப்ப வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் கிளினிக்கிலிருந்து போன்.

"டாக்டர், வாழ்த்துகள்" என்றார் அவர். "தையல் மெஷின் தோளுக்கு நல்லதுன்னு இனிமே பிரிஸ்கிரிப்ஷன்லயே எழுதிடலாம் போலிருக்கே."

போனை வைத்த பிறகும் காது எரிந்தது. அவரை நான் வைத திட்டுகள் தோட்டத்தில் கற்றவை. அச்சில் ஏறாது.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து புந்தோங்கில் அக்கா வீட்டுக்குப் போனேன். கழுத்துக் கோணம் அளந்த படங்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு குமைந்துகொண்டிருந்தேன். அக்கா இடது கையால் தட்டை வைத்துவிட்டு ஒரு படத்தை எடுத்துப் பார்த்தாள்.

"இது ஆஸ்பத்திரி மேசைலா" என்றாள்.

"எது?"

"இந்த நூல் வெட்டுற மேசை. அங்க எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. மெஷின்ல ஒக்கார முடியாம கை கழுத்து போனவங்கள அங்கதான் கொண்டாந்து போடுவாங்க. இவ ஓவர்லாக்ல எட்டு வருசம் இருந்தவ. அந்தக் கோடியில இருக்கிறவ எனக்குப் பக்கத்து மெஷின். நானும் மூணு மாசம் அங்கதானே இருந்தேன்."

"நீ லேசான வேலைன்னுதானே சொன்ன?"

"அதான் பாப்பா லேசான வேல. வலிக்குதுன்னு வாயத் தொறந்தா அங்க. அங்கயும் முடியலன்னா வீட்டுக்கு. அதனால மெஷின்ல இருக்கிறவ ஒருத்தியும் வலிக்குதுன்னு சொல்ல மாட்டா. வலிக்குப் போடுற கோயோக் பிளாஸ்திரிய ரவிக்கைக்குள்ள ஒட்டிக்கிட்டு ஒக்காந்திருப்பா."

நான் படத்தை வாங்கி மறுபடி பார்த்தேன். மெஷின் கெடுத்த தோள்களையெல்லாம் பொறுக்கி எடுத்து, மெஷினே தொடாத கூட்டம் என்று பெயர் வைத்து, அதை ஒப்பீட்டுக்கு உட்கார்த்தியிருக்கிறேன். வகுப்பில் இதைப் பாடமாகவே படித்திருந்தேன்: நோயுற்றவர்கள் கடின வேலையிலிருந்து விலகிவிட, தாக்குப் பிடித்தவர்கள் மட்டும் அங்கே மிஞ்சுவார்கள். பரீட்சையில் அதற்கு நல்ல மார்க்கும் வாங்கியிருந்தேன். கைக்கெட்டும் தூரத்தில் என் சொந்த அக்கா அந்த மேசையில் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறாள். அவளைக் கேட்கத் தோன்றவில்லை.

எல்லாவற்றையும் கலைத்துவிட்டுப் புதிதாகக் கட்டினேன். இன்றைக்கு எந்த நாற்காலியில் இருக்கிறாள் என்பதை வைத்துப் பிரிப்பதை விட்டேன். சேர்ந்த நாள் முதல் எந்த மெஷினில் எத்தனை மாதம் என்று ஒவ்வொருத்தியின் வேலை வரலாற்றையும் கேட்டு, அலுவலக அட்டையோடு ஒத்துப் பார்த்தேன். அந்த மாதங்களை அந்தந்த மெஷினுக்கு நான் அளந்து வைத்த கடுமையோடு பெருக்கி, வந்ததை மெஷின் பாரம் என்று வைத்துக்கொண்டேன். அப்படி நூல் வெட்டும் மேசையிலிருந்த பெண் தன் எட்டு வருட ஓவர்லாக்கைத் தோளில் சுமந்துகொண்டு சரியான வரிசைக்கு வந்து சேர்ந்தாள். ஒப்பீட்டுக்கு, சேர்ந்த நாளிலிருந்தே, தைத்த சட்டைகளில் குறை பார்க்கும் தர சோதனைப் பிரிவில் இருந்து, மெஷினில் ஒரு நாளும் உட்காராத பெண்களை எடுத்தேன். கடந்த சில வருடங்களில் வேலையை விட்டுப் போனவர்களின் பெயரும் முகவரியும் மட்டும் உள்ள பட்டியலை எடுத்துக்கொண்டு தாதியர் காம்பார் வரைக்கும் பஸ் ஏறிப் போய்த் தேடினார்கள்.

கேள்வி கேட்கும் இடத்தையும் மாற்றினேன். சூப்பர்வைசர் கண்ணில் படும் அறையில் உண்மை வராது. வேலையில் இருப்பவர்கள், விட்டவர்கள், தர சோதனைப் பெண்கள், எல்லாரையும் ஒரே மாதிரி ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்துக்கு வரவழைத்தோம். யார் என்ன சொன்னார்கள் என்பது முதலாளி காதுக்குப் போகாது என்று ஒவ்வொருத்தியிடமும் சொல்லிச் சம்மதம் வாங்கினோம். பிரிவுக்கு ஒரு நிறத்தில் தரும் தொழிற்சாலைச் சீருடையைப் போட்டுக்கொண்டு வர வேண்டாம் என்றோம். இல்லையென்றால் தாதி நிறத்தைப் பார்த்தே வேலையைக் கண்டுபிடித்துவிடுவாள். தொழிற்சாலையில் வேலை பார்த்த சீனப் பெண்கள் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வரிசையாக உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள்.

அக்காவும் வந்தாள். துவைத்துத் தேய்த்த சேலை, இடது கையால் வாரிய தலை. போனவர்கள் பட்டியலில் அவள் பெயரும் இருந்ததே. பேராசிரியை அன்றைக்கு ஈப்போவுக்கு வந்திருந்தார். என்னைத் தனியே கூப்பிட்டார்.

"உன் அக்காவைச் சேர்க்க முடியாது. அவரை வைத்துத்தான் இந்தச் சந்தேகமே பிறந்தது. சந்தேகத்தைத் தந்த ஆளையே சாட்சியாகவும் எண்ணக் கூடாது. தவிர, நீ எதைத் தேடுகிறாய் என்று அவருக்குத் தெரியும்."

சரியான பேச்சு. என் ஆய்வில் ஓட்டை என்று சொல்ல அந்த டாக்டருக்கு இடம் கொடுக்க எனக்கு மனமில்லை. அக்காவிடம் தேநீர் பரிமாற ஆள் குறைகிறது என்று பொய் சொல்லி அடுப்படிக்கு அனுப்பினேன். சாயங்காலம் வரை இடது கையால் ஊற்றிக் கொடுத்தாள்.

கணக்கை முடித்த நாளை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மெஷின் பாரம் ஏற ஏறத் தோள் தொந்தரவும் ஏறியது. அது போதும்தான். ஆனால் அவருடைய பால்மரத்தை வைத்துப் பிரித்துப் பார்க்கும் வேலை பாக்கியிருந்தது. மரம் வெட்டியவர்கள் ஒரு கூட்டம், வெட்டாதவர்கள் ஒரு கூட்டம், ஒவ்வொன்றுக்குள்ளும் வயதுவாரியாக. மரம் வெட்டியவர்களுக்குத் தோள் வலி அதிகம்தான். அதில் அவர் சொன்னது சரி. ஆனால் தோட்டம் விற்றுப்போன பிறகு வந்து சேர்ந்த அவர்களில் பெரும்பாலோர் மெஷினில் குறைந்த காலமே இருந்தவர்கள். பள்ளி முடித்து நேரே வந்த டவுன் பெண்களுக்குத்தான் மெஷினில் நீண்ட வருடங்கள். ஆக, இரண்டையும் கலந்து பார்க்கும்போது குறைந்த பாரப் பக்கத்தில் பால்மர வலி வந்து சேர்ந்து, மெஷினின் குற்றத்தைப் பாதி மூடி வைத்திருந்தது. பிரித்ததும் மூடி திறந்துகொண்டது. மெஷினுக்கும் வலிக்கும் உள்ள தொடர்பு முன்னைவிடப் பலமாக நின்றது. ஒரு மரத்தைக்கூடத் தொடாத பெண்களிடமும் அதே ஏற்றம். கால்குலேட்டரை வைத்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

ஈப்போவில் சுகாதார அதிகாரிகள் கூட்டம் ஒன்றில் ஆய்வைப் படிக்கச் சொன்னார்கள். தொழிற்சாலை நிர்வாகிகளும் பேனல் டாக்டர்களும் வந்திருந்தார்கள். அவர் முதல் வரிசை. நான் புரொஜெக்டரில் ஒவ்வொரு தாளாக வைத்தேன். பால்மரத் தாளை மட்டும் வைக்கவில்லை. கோப்புக்கடியில் தயாராக இருந்தது. அவர் கேட்பார் என்று எனக்குத் தெரியும். கேட்காமல் போய்விடுவாரோ என்றுதான் பயம்.

கை தூக்கினார். "எல்லாம் சரி டாக்டர். இவங்க பாதிப் பேரு முன்னாடி மரம் வெட்டுனவங்க. அத யோசிச்சீங்களா?"

"ரொம்ப நன்றி டாக்டர்" என்றேன். அந்த நன்றியை நான் மனமாரச் சொன்னேன். தாளை வைத்தேன். நிதானமாக விளக்கினேன். அவர் காட்டிய காரணத்தைக் கணக்கில் சேர்த்தால் மெஷின் இன்னும் மோசமாகத் தெரிகிறது, அதைக் கேட்கத் தூண்டியது அவர்தான் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவர் கழுத்து சிவந்து காது வரை ஏறியதை நின்று அனுபவித்துப் பார்த்தேன். பாவம் என்று ஒரு துளியும் தோன்றவில்லை.

தேநீர் வேளையில் அவர் பக்கத்தில் போய்ச் சீட்டை நீட்டினேன்.

"என் கையெழுத்துதான். யாரு இது?"

"என் அக்கா."

அவருக்கு அவளை நினைவில்லை. சீட்டை மறுபடி படித்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "உங்க படம் கூட்டத்தப் பத்திப் பேசுது. இந்த ஒரு பொம்பள தோள்ல மரம் எவ்வளவு, மெஷின் எவ்வளவுன்னு உங்களால சொல்ல முடியுமா? முடியாது. என்னாலயும் முடியாது."

"முடியாதுன்னா ஏன் எழுதினீங்க?"

அவர் கோப்பையை வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அந்த வரியைக் குறுக்கே அடித்தார். பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டார். வேறு எதுவும் எழுதவில்லை. நான் அதை வாங்கிக்கொண்டு நேரே புந்தோங்குக்குப் பஸ் ஏறினேன்.

அக்கா அடிக்கப்பட்ட சீட்டைப் பார்த்தாள். பிறகு நான் மேசையில் வைத்த படத்தாளைப் பார்த்தாள். உயர்ந்துகொண்டே போகும் கறுப்புக் கட்டங்கள். விரலை ஒவ்வொன்றின் மேலும் வைத்துக்கொண்டே வந்தாள்.

"இதுல நான் எங்க பாப்பா இருக்கேன்?"

மழுப்பத் தெரியவில்லை. "நீ இதுல இல்லக்கா. உன்னச் சேத்தா கணக்கு கெட்டுப்போயிரும்னு எடுத்துட்டோம்."

"அன்னைக்கு டீ ஊத்தச் சொன்னது அதுக்காகத்தானா?"

தலையசைத்தேன். அவள் கோபப்படவில்லை. சீட்டை இடது கையில் பிடித்தபடி, மடியில் கிடந்த வலது கையைப் பார்த்தாள்.

"அவன் காயிதத்துலயும் அடிச்சிட்டான். ஒங் காயிதத்துலயும் இல்ல" என்றாள். "அப்ப இந்தத் தோளு யாரோடதுலா?"

பழி தீர்த்துவிட்டு வந்தவள் நான். படத்தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.